ஒரு வட்டிக்குக் கொடுத்து நாலு வட்டிக்கு வாங்குவதா?

"அக்கா, வேலைக்குச் சேர்ந்து ஏழு மாசம் ஆகுது. கைக்கு 36,000 வருது. எல்லாச் செலவும் போக 14,500 மிஞ்சுது. கிரெடிட் கார்டுல 90,000 நிக்குது, மாசாமாசம் மினிமம் கட்டிட்டு வர்றேன். ஆபீஸ்ல எல்லாரும் 23 வயசுல எஸ்ஐபி ஆரம்பிச்சாதான் கூட்டு வட்டி வேலை செய்யும்னு சொல்றாங்க. கார்டுக்கு 4,500 கட்டிட்டு மீதி 10,000-ஐ இண்டெக்ஸ் ஃபண்டுல போடலாம்னு இருக்கேன். சரியா?"

தம்பி,

வேண்டாம். எஸ்ஐபி எட்டு மாதம் காத்திருக்கட்டும், 14,500-ம் முழுசாகக் கார்டுக்கே போகட்டும். ஏன் என்று நீயே கணக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன், ஏனென்றால் நான் சொன்னேன் என்பதற்காக மட்டும் செய்தால் ரெண்டாவது மாதமே ஆபீஸ் கேன்டீனில் யாராவது உன் மனசை மாற்றிவிடுவார்கள்.

முதலில் சதவீதத்தை மறந்துவிட்டு நம் ஊர்ப் பேச்சில் யோசி. ஊரில் கடன் வாங்குபவர்கள் வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்று கேட்பதில்லை; "எத்தனை வட்டி?" என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, ரெண்டு ரூபாய் என்றால் ரெண்டு வட்டி. மூணு வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறான் என்று யாரையாவது பற்றிக் கேள்விப்பட்டால் உன் அம்மா உச்சுக்கொட்டுவார்கள், அந்த ஆள் ஏதோ பெரிய சிக்கலில் இருக்கிறான் என்று அர்த்தம். நீ அனுப்பிய ஸ்டேட்மென்ட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் மாதம் 3.5 சதவீதம் என்று இருக்கிறது பார். அது மூணரை வட்டி. அதோடு முடியவில்லை, அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 3.5-ஐ 1.18-ஆல் பெருக்கினால் 4.13. ஆக நீ கட்டிக்கொண்டிருப்பது நாலு வட்டிக்கும் மேலே. குளிரூட்டிய அலுவலகத்தில் டை கட்டிய ஆள் கொடுத்ததால் அது நமக்குக் கந்துவட்டி மாதிரித் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது மறுபக்கம். பங்குச் சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில் நீண்ட காலத்துக்கு வருடம் 12 சதவீதம் கிடைக்கும் என்று உன் நண்பர்கள் சொல்கிறார்கள், சரி, வாதத்துக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். 12 சதவீதம் என்றால் ஒரு வட்டி. அப்படியானால் உன் திட்டத்தின் சுருக்கம் இதுதான்: நாலு வட்டிக்குப் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு வட்டிக்கு வெளியே கொடுப்பது. ஊரில் யாராவது இப்படித் தொழில் செய்தால் என்ன சொல்வாய்?

"நான் கடன் வாங்கி முதலீடு பண்ணலையே, சம்பளத்துலதானே போடறேன்" என்று உனக்குத் தோன்றும். எல்லாரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். 10,000 ரூபாயைக் கார்டுக்குக் கட்ட முடிந்தும் கட்டாமல் வேறு இடத்தில் போடுகிறாய் என்றால், அந்த மாதத்துக்கு அந்தப் பத்தாயிரத்தை வங்கியிடம் 4.13 வட்டிக்குப் புதிதாக வாங்கிப் போட்டதாகத்தான் அர்த்தம். பணத்துக்கு எந்தப் பையிலிருந்து வந்தது என்பது தெரியாது.

உன் ஸ்டேட்மென்ட்டிலேயே பார்க்கலாம். ஃபைனான்ஸ் சார்ஜ் என்று ஒரு வரி, 3,150 ரூபாய். அதற்குக் கீழே ஜிஎஸ்டி 567. கூட்டினால் 3,717. நீ கட்டியது 4,500. அதாவது கடன் குறைந்தது 783 ரூபாய். 4,500 கட்டினோமே, கடன் ஏன் அப்படியே நிற்கிறது என்று போன மாதம் கேட்டாய் இல்லையா, இதுதான் பதில். மினிமம் டியூ என்பது பெரும்பாலும் நிலுவையில் 5 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அசலில் கொஞ்சமாவது குறைய வேண்டும், கடன் ஏறிக்கொண்டே போகக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் "கொஞ்சம்" உன் விஷயத்தில் 783. மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபில் கெடாது. வேறு எந்த நன்மையும் அதில் கிடையாது.

சரி, ரெண்டு வழியையும் பன்னிரண்டு மாதம் ஓட்டிப் பார்ப்போம். கார்டில் புதிதாக எதுவும் தேய்க்கவில்லை, சந்தையும் சமர்த்தாக மாதம் ஒரு சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்கிறேன், உன் திட்டத்துக்குச் சாதகமாகவே.

உன் திட்டம்: மாதம் 4,500 கார்டுக்கு, 10,000 எஸ்ஐபிக்கு. வருடக் கடைசியில் ஃபண்டில் சுமார் 1,26,800 இருக்கும். போட்டது 1,20,000, லாபம் 6,800. கார்டில் இன்னும் 78,100 பாக்கி நிற்கும். அந்தப் பன்னிரண்டு மாதத்தில் நீ வட்டியும் வரியுமாகக் கட்டியிருப்பது 42,000 ரூபாய்க்கு மேல். ஃபண்டிலிருந்து கடனைக் கழித்தால் உன் கையில் உண்மையில் இருப்பது 48,700.

என் வழி: 14,500-ம் கார்டுக்கு. 90,000 முதல் மாதம் 79,200 ஆகும், அப்புறம் 68,000, 56,300, 44,100, 31,400, 18,200, 4,500. எட்டாவது மாதம் 4,700 கட்டினால் முடிந்தது. மொத்த வட்டி சுமார் 16,200. எட்டாவது மாதத்தில் மிஞ்சும் 9,800-ஐயும், அடுத்த நாலு மாதத்தின் முழு 14,500-ஐயும் அதே ஃபண்டில் போட்டால் வருடக் கடைசியில் 69,000 இருக்கும். கடன் பூஜ்யம்.

இருபதாயிரம் ரூபாய் வித்தியாசம், தம்பி. அதே சம்பளம், அதே செலவு, அதே ஃபண்ட். பணம் போன வரிசை மட்டும் வேறு. இதில் இன்னொன்றைக் கவனி: என் கணக்கில் ஒவ்வொரு மாதமும் கடன் குறையும் அளவு கூடிக்கொண்டே போகிறது, முதல் மாதம் 10,800 குறைந்தது, ஏழாவது மாதம் 13,700. வட்டிக்குப் போகும் பங்கு சுருங்கச் சுருங்க அசலுக்குப் போகும் பங்கு பெருகுகிறது. கூட்டு வட்டி இப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது, உனக்கு எதிராக. அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.

இத்தனைக்கும் அந்த 12 சதவீதம் ஒரு நம்பிக்கைதானே தவிர யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. 2008-இல் நிஃப்டி ஒரே வருடத்தில் பாதிக்கு மேல் விழுந்தது. பிறகு எழுந்தது என்பதும் உண்மைதான், ஆனால் நாலு வட்டிக் கடனைத் தோளில் வைத்துக்கொண்டு அது எழும் வரை காத்திருப்பது வேறு கதை. கார்டுக்குக் கட்டும் பணத்தின் லாபம் அப்படி இல்லை. கட்டிய அன்றே நிச்சயமாகிவிடும், அதற்கு வரியும் கிடையாது. ஃபண்டை ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி போகும். வரி மிச்சத்துக்காக இஎல்எஸ்எஸ் போடு என்று சொன்ன உன் டீம் லீடருக்கு ஒன்று சொல், அது மூன்று வருடம் பூட்டு. அவசரத்துக்கு எடுக்கக்கூட முடியாத இடத்தில் பணம் இருக்கும், கார்டில் வட்டி ஓடும்.

நான் ஏன் விழுந்தேன் என்று சொன்னால் உனக்குப் பயன்படும். என்னிடம் ரெண்டு ஆப் இருந்தது. ஃபண்ட் ஆப்பைத் தினமும் திறப்பேன், பச்சை நிறத்தில் எண் ஏறும், சந்தோஷமாக இருக்கும். கார்டு ஆப்பை மாதம் ஒருமுறை மினிமம் கட்ட மட்டும், பல்லைக் கடித்துக்கொண்டு திறந்து மூடிவிடுவேன். பதினாலு மாதம் அப்படியே ஓடியது. ஒருநாள் வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்காகச் சொத்து, கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுத வேண்டி வந்தபோதுதான் ரெண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தேன். அதனால் நீயும் இப்போதே ஒரு தாளில் எழுதிப் பார்.

இனி எப்படிக் கட்டுவது என்பது. உன் ஸ்டேட்மென்ட் 28-ஆம் தேதி வருகிறது, கடைசித் தேதி 17, சம்பளம் 1-ஆம் தேதி. 17 வரை காத்திருக்காதே. பாக்கி வைத்திருக்கும் கார்டில் வட்டி நாள் கணக்கில் ஓடுகிறது. 14,500-ஐ 17-ஆம் தேதிக்குப் பதில் 1-ஆம் தேதியே கட்டினால் பதினாறு நாள் வட்டி, ஜிஎஸ்டியோடு சேர்த்து 300 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் மிச்சம். பெரிய தொகை இல்லை, ஆனால் சம்பளம் வந்த அன்றே போய்விட்டால் வார இறுதியில் செலவழிக்க அந்தப் பணம் கையில் இருக்காது, எனக்கு முக்கியம் அதுதான். ஸ்டேட்மென்ட் வந்த பிறகுதான் கட்டுகிறாய் என்பதால் மினிமம் கணக்கிலும் சிக்கல் வராது. 28-க்கு முன்பே கட்டிவிட்டு அடுத்த ஸ்டேட்மென்ட்டின் மினிமம் கட்டியாகிவிட்டது என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

கார்டை அலமாரியில் வை. இது புத்திமதி என்று நினைக்காதே, கணக்கு. முழுத் தொகையும் கட்டும் ஆளுக்குத்தான் அந்த 45, 50 நாள் வட்டியில்லாக் காலம். பாக்கி வைத்தவனுக்கு அது கிடையாது. இன்று 1,200 ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் இன்றிலிருந்தே மூணரை வட்டி ஓட ஆரம்பிக்கும். இது பலருக்குத் தெரிவதில்லை, ஒரு சதவீதம் கேஷ்பேக் வருகிறதே என்று தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். எட்டு மாதத்துக்கு ஜிபே, டெபிட் கார்டு, ரொக்கம், இவ்வளவுதான். ஓடிடி, மொபைல் ரீசார்ஜ் என்று கார்டில் தானாகப் பிடிக்கும்படி எதையாவது கொடுத்திருந்தால் அதையும் மாற்று, அவைதான் சத்தமில்லாமல் பாக்கியை ஏற்றும்.

கையில் ஒன்றுமே இல்லாமல் எல்லாவற்றையும் கட்டிவிடாதே. ஒரு 10,000 சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். கறாராகக் கணக்குப் போட்டால் அதையும் கட்டிவிடுவதுதான் லாபம், அவசரம் வந்தால் கார்டில் கட்டிய அளவுக்கு லிமிட் திரும்ப இருக்குமே என்று வாதிடலாம். ஆனால் அந்த லிமிட்டை வங்கி தன் இஷ்டத்துக்குக் குறைக்க முடியும், மேலும் அவசரத்துக்குத் தேய்க்கப் பழகியதில்தான் உன் 90,000-இல் பாதி வந்தது. இதனால் இந்தக் கடிதத்தில் நான் சொல்லும் எட்டாவது மாதம், ஒன்பதாவது ஸ்டேட்மென்ட் எல்லாம் ஒரு மாதம் தள்ளிப்போகும், போகட்டும்.

வட்டியையே குறைக்க வழி உண்டா என்றால், உண்டு. வங்கியில் நகைக்கடன் ஒரு வட்டிக்கும் கீழே கிடைக்கும். வீட்டில் சம்மதித்து 90,000-க்கு நகை வைத்தால் மாத வட்டி 3,717-லிருந்து 800, 900-க்கு இறங்கிவிடும். அதே 14,500-ஐக் கட்டினால் ஏழே மாதத்தில் நகை திரும்ப வந்துவிடும், வட்டியிலும் பன்னிரண்டாயிரம் போல மிஞ்சும். அம்மாவிடம் கேட்க வெட்கமாக இருக்கும், புரிகிறது. முடிவு உன்னுடையது. ஒரே ஒரு எச்சரிக்கை: நகையை வைத்துக் கார்டை அடைத்த அன்று கார்டில் முழு லிமிட்டும் திறந்துகொள்ளும். ஆறு மாதத்தில் அதை மறுபடி நிரப்பி, நகைக்கடனும் கார்டுக் கடனும் ரெட்டையாக நிற்பவர்கள்தான் என் அனுபவத்தில் அதிகம். உன் மேல் உனக்கே சந்தேகம் இருந்தால் நகையைத் தொடாதே.

கார்டு கம்பெனியிலிருந்தே போன் வரும், "சார், உங்க பாக்கியை ஈஎம்ஐயா மாத்தித் தர்றோம், மாசம் 1.2 சதவீதம்தான்." உடனே சரி என்று சொல்லாதே. அது ஃப்ளாட்டா, குறையும் நிலுவைக்கா என்று கேள். ஃப்ளாட் என்றால் நீ பாதிக் கடனைக் கட்டிய பிறகும் முழு 90,000-க்கும் வட்டி போடுவார்கள். 24 மாதத்துக்கு 1.2 ஃப்ளாட் என்றால் மாதத் தவணை 4,830 வரும். குறையும் நிலுவைக் கணக்கில் அது மாதம் 2.1 சதவீதத்துக்கு மேல், வருடம் 25-ஐத் தாண்டும். அதற்கு மேல் வட்டிக்கு ஜிஎஸ்டி, ப்ராசஸிங் கட்டணம். மூணரை வட்டியோடு ஒப்பிட்டால் அதுவும் குறைவுதான், ஆனால் 24 மாதம் இழுக்கிறார்கள், முன்கூட்டியே அடைத்தால் அதற்கும் ஒரு கட்டணம் கேட்பார்கள். எட்டு மாதத்தில் முடிக்க வசதி உள்ள உனக்கு அது தேவையில்லை. மாதம் 5,000-க்கு மேல் கட்டவே முடியாத ஒருவர் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

கடனே இல்லாமல்தான் முதலீடு என்று நான் சொல்லவில்லை, அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் பிஎஃப்பைத் தொடாதே, நீ போடும் பங்குக்கு இணையாக முதலாளியும் போடுகிறார், அந்தக் கணக்கை எந்தக் கார்டு வட்டியும் ஒரே வருடத்தில் தோற்கடிக்காது. உன் கல்விக் கடனும் வேறு ஜாதி. அது ஒன்பது, பத்து சதவீதம், ஒரு வட்டிக்கும் கீழே. அதை அவசரமாக அடைப்பதா, கூடவே எஸ்ஐபி போடுவதா என்பது நிஜமாகவே ரெண்டு பக்கமும் பேசக்கூடிய விஷயம், தவணை தவறாமல் கட்டினால் போதும். என் கோடு சுமாராக 12 சதவீதத்தில் இருக்கிறது. அதற்கு மேல் இருப்பதை முதலில் அடை, கீழே இருப்பதைப் பற்றி நிதானமாகப் பேசலாம். கார்டு அந்தக் கோட்டுக்கு எவ்வளவோ மேலே இருப்பதால் அங்கே பேச ஒன்றுமில்லை.

ஒன்று விட்டுப்போனது. வட்டி இவ்வளவு வாங்கச் சட்டம் விடுகிறதா என்று கேட்டாய். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து உதவி வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

கடைசியாக, எட்டாவது மாதம் முழுத் தொகையும் கட்டியதும் எல்லாம் முடிந்தது என்று ஆப்பை அழித்துவிடாதே. நான் அப்படித்தான் செய்தேன். ஸ்டேட்மென்ட்டில் இருந்த 31,000-ஐயும் கட்டிவிட்டு, கார்டைக் கத்தரிக்கோலால் ரெண்டாக வெட்டி, அதைப் போட்டோ எடுத்து என் அக்காவுக்கு அனுப்பியும் வைத்தேன். ஸ்டேட்மென்ட் வந்த நாளுக்கும் நான் கட்டிய நாளுக்கும் நடுவில் பதினெட்டு நாள் இருந்தது. அந்தப் பதினெட்டு நாள் வட்டி 640-ஓ என்னவோ, ஜிஎஸ்டியோடு அடுத்த ஸ்டேட்மென்ட்டில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் பார்க்கவே இல்லை. அதற்குத் தாமதக் கட்டணம், அதற்கு மேல் சிபிலில் ஒரு தாமதக் குறிப்பு, எழுநூற்றுச் சொச்ச ரூபாய்க்காக. கெடு தேதி தாண்டி மூன்று நாள் வரை தாமதமாகக் காட்டக் கூடாது என்று இப்போது விதி இருக்கிறது, ஆனால் பார்க்காதவனுக்கு மூன்று நாளும் ஒன்றுதான், முப்பது நாளும் ஒன்றுதான். ஒன்பதாவது ஸ்டேட்மென்ட்டைத் திற, அதில் நிற்கும் சில்லறையையும் கட்டு, பத்தாவதில் பூஜ்யம் என்று இருக்கிறதா பார். எஸ்ஐபியை மட்டும் கடன் முடியும் மாதத்திலேயே மிஞ்சும் பணத்தோடு ஆரம்பித்துவிடு, அடுத்த மாதத்திலிருந்து 14,500, தேதி 2. அதற்குள் அந்தப் பணம் இல்லாமல் வாழ உனக்குப் பழகியிருக்கும்.

அக்கா